22 மூட்டை அரைத்த பிறகு தெரிந்த பூஞ்சை: மீதி வத்தலைத் திருப்பலாமா?

திருமங்கலம் மசாலா
எல்லோருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் மசாலாப் பொடி அரைத்து மதுரை, உசிலம்பட்டிக் கடைகளுக்குப் போடுகிறேன். போன மாதம் தரகர் ஒருவர் மூலமாக வெளியூர் மண்டி ஒன்றில் சம்பா மிளகாய் வத்தல் பேசினேன். சாம்பிள் பொட்டலம் வந்தது, நல்ல நிறம், நல்ல காய்ச்சல். கிலோ 180 ரூபாய் என்று முடித்தோம். 100 மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ. மொத்தம் 7,20,000. முன்பணம் 3 லட்சம் கொடுத்துவிட்டேன், பாக்கி 4,20,000.

திங்கட்கிழமை லோடு இறங்கியது. மேலே நாலைந்து மூட்டையை வாய் பிரித்துப் பார்த்தோம், சரியாக இருந்தது. புதனும் வியாழனும் 22 மூட்டை அரைத்தாகிவிட்டது, அதில் குறை இல்லை. வெள்ளிக்கிழமை அடுத்த மூட்டையைக் கொட்டினால் நடுவில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு சாம்பல் பூத்திருக்கிறது. மிச்சம் 78 மூட்டையையும் கொட்டிப் பார்த்ததில் 18 தேறும், 60 பூஞ்சை. அன்றைக்கே போன் போட்டேன். "பார்த்துச் செய்யலாம் அண்ணே" என்றார் மண்டிக்காரர். அடுத்த செவ்வாய் போட்டோவோடு வாட்ஸ்அப்பிலும் போட்டேன். டிக் நீலமாகிவிட்டது, பதில் இல்லை. இப்போது பாக்கி 4,20,000 கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பில்லில் "விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது.

60 மூட்டையைத் திருப்பி எடுத்துப் போ என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா?

வாடிப்பட்டி ராஜா
இதற்கு ஏன் அண்ணே இவ்வளவு யோசனை? நுகர்வோர் கோர்ட்டில் போடுங்கள். எங்கள் வீட்டு மிக்ஸி விஷயத்தில் வக்கீலே இல்லாமல் நானே நின்று பணம் வாங்கினேன்.

கே.கே.நகர் வக்கீல்
மிக்ஸி வீட்டுக்கு வாங்கியது ராஜா. இவர் அரைத்து விற்பதற்கு வாங்கியிருக்கிறார். வியாபாரத்துக்கு வாங்கும் சரக்கு என்றால் நுகர்வோர் ஆணையம் கையில் எடுக்காது. இது 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தில் தீர வேண்டிய வழக்கு, சிவில் நீதிமன்றம்தான்.

திருமங்கலம் சார், உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாம்பிள் காட்டி விற்றால், வந்த சரக்கு முழுதும் சாம்பிளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்பந்தத்துக்குள் வைத்துவிடுகிறது. அது 17-வது பிரிவு. ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு நியாயமான வாய்ப்பும் தர வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் முழு லோடையும் வேண்டாம் என்று சொல்லலாம். இதில் உங்கள் பக்கம் பலமாகத்தான் இருக்கிறது.

சிக்கல் அந்த 22 மூட்டையில் இருக்கிறது. 13-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவைப் படியுங்கள். ஒப்பந்தம் பிரிக்க முடியாததாக இருந்து, வாங்கியவர் சரக்கில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டுவிட்டால், அதற்குமேல் நிராகரிக்கும் உரிமை கிடையாது. நஷ்டஈடு மட்டும்தான். உங்களுடையது ஒரே பேச்சு, ஒரே லாரி, ஒரே பில். பிரிக்கக்கூடியது என்று வாதாடுவது கஷ்டம். வத்தலை மெஷினில் போட்டுப் பொடியாக்குவதைவிட, சரக்கு என்னுடையது என்று காட்டும் செயல் வேறு என்ன இருக்கிறது? 42-வது பிரிவின்படி அது ஏற்றுக்கொண்டதற்குச் சமம்.

சட்டமாணவன்
மேடம், 37(3)-ஐ விட்டுவிட்டீர்களே. ஒப்பந்தச் சரக்கோடு வேறு சரக்கு கலந்து வந்தால், சரியானதை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் நிராகரிக்கலாம் என்று தெளிவாகவே இருக்கிறது. 40 நல்ல மூட்டை, 60 கெட்ட மூட்டை. கலந்து வந்ததுதானே? 40-ஐ வைத்துக்கொண்டு 60-ஐத் திருப்பிவிடலாம். கேஸ் முடிந்தது.

கே.கே.நகர் வக்கீல்
தம்பி, பிரிவு சரி, பொருத்தியதில்தான் எனக்குச் சந்தேகம். அந்த உட்பிரிவு "வேறு வகைச் சரக்கு" கலந்து வந்தால் என்கிறது. சம்பா கேட்ட இடத்தில் 60 மூட்டை குண்டு வத்தல் வந்திருந்தால் நீ சொல்வது அப்படியே பொருந்தும். இங்கே வந்திருப்பது சம்பாதான், ஆனால் கெட்டுப்போன சம்பா. அது தரத்தில் உள்ள குறை. தரக்குறைவையும் வேறு வகை என்று நீட்டினால் 13(2)-க்கு வேலையே இருக்காது. வாதத்தில் வைக்கலாம், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

இங்கிலாந்தில் 1994-ல் சட்டத்தைத் திருத்தி, நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை மட்டும் நிராகரிக்க வழி செய்துவிட்டார்கள். நம் சட்டம் அவர்களுடைய பழைய சட்டத்தைப் பார்த்து எழுதியது. அந்தத் திருத்தம் இங்கே வரவில்லை. இணையத்தில் ஆங்கிலேயத் தீர்ப்புகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.

கீழமாசி வீதி மண்டி
நானும் வத்தல் வியாபாரிதான், விற்கிற பக்கம். ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமை இறங்கிய சரக்கை நாலு மூட்டை பார்த்துவிட்டு ஏன் விட்டீர்கள்? நெல் மூட்டை என்றால் குத்தூசியைச் சொருகி நடு மூட்டையிலிருந்து நாலு மணி எடுத்துப் பார்த்துவிடலாம். வத்தலுக்கு அது நடக்காது, வாய் பிரித்துத் தார்ப்பாயில் கொட்டித்தான் ஆக வேண்டும். காய்ந்த வத்தலை ஒடித்தால் மடக்கென்று ஒடியும், ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். ஈரவத்தல் தோல்வார் மாதிரி வளையும், சத்தமே வராது. எடைக்காகவும் உடையாமல் இருக்கவும் மூட்டை பிடிக்கும்போது தண்ணீர் தெளிக்கிறவர்கள் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. அந்த ஈரம் நடுவில் தங்கி, ஒரு வாரத்தில் பூத்துவிடும்.

ஆனால் எங்கள் கஷ்டத்தையும் கேளுங்கள். விலை இறங்கும் வாரத்தில்தான் வாங்கியவர்களுக்குச் சரக்கில் குறை கண்ணில் படும். 180-க்குப் பேசிய சரக்கு 150 ஆகிவிட்டால் உடனே "ஈரம்", "காம்பு", "நிறம் போதாது". அதே சரக்கு 210 ஆகியிருந்தால் சத்தம் போடாமல் அரைத்துவிடுவார்கள். அப்படி வேண்டாம் என்ற சரக்கை ரோட்டில் வைத்துக்கொண்டு நாங்கள் அலைந்திருக்கிறோம்.

திருமங்கலம் மசாலா
விலை இறங்கவில்லை அண்ணாச்சி, ஏறியது. லோடு இறங்கிய அன்று மார்க்கெட் 185. மூன்று வாரம் கழித்து வேறு இடத்தில் 2,400 கிலோ வாங்கினேன், 205 கொடுத்து. என்னிடம் நல்ல சரக்கு இருந்தால் நான் ஏன் திருப்பப் போகிறேன்?

கே.கே.நகர் வக்கீல்
இந்தத் தகவலை முதலிலேயே சொல்லியிருக்கலாம், உங்கள் நாணயத்துக்கு இதுதான் பெரிய சாட்சி. விலை ஏறிய நேரத்தில் எவனும் பொய்யாகக் குறை சொல்லித் திருப்பமாட்டான்.

மண்டி அண்ணாச்சி, உங்களிடம் ஒரு கேள்வி. சில மூட்டை மட்டும் கெட்டிருந்தால் உங்கள் வட்டாரத்தில் என்ன செய்வது வழக்கம்?

கீழமாசி வீதி மண்டி
சொன்ன நாளைப் பொறுத்தது. ரெண்டு மூன்று நாளுக்குள் சொன்னால் கெட்ட மூட்டையை எடுத்துக்கொண்டு மாற்று மூட்டை அனுப்புவோம், அல்லது தரகரை வைத்துப் பேசிக் கிலோவுக்கு இவ்வளவு என்று கழிப்போம். கோர்ட்டுக்கெல்லாம் யார் போவது?

கே.கே.நகர் வக்கீல்
இதைத்தான் எதிர்பார்த்தேன். 13(2) ஒரு விதிவிலக்கும் வைத்திருக்கிறது. ஒப்பந்தத்திலேயே, வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ, வேறு ஏற்பாடு இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. கெட்ட மூட்டையை மட்டும் திருப்பி எடுப்பது இந்த வியாபாரத்தில் நிலைத்த வழக்கம் என்று நிரூபித்தால், அது உட்கிடையான ஏற்பாடு என்று வாதாடலாம். ஆனால் "எல்லோரும் செய்கிறார்கள்" என்று வாயால் சொன்னால் போதாது. இரண்டு மூன்று வியாபாரிகள் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், இவர்களுக்குள் முன்பு அப்படி நடந்த பில் இருந்தால் இன்னும் நல்லது. நீதிபதி ஏற்பாரா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

பில்லில் அச்சடித்த "திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பேரம் முடிந்து, முன்பணமும் கொடுத்த பிறகு லாரியோடு வந்த காகிதம் அது. முடிந்துபோன ஒப்பந்தத்துக்குள் ஒருவர் தன்னிஷ்டத்துக்குப் புது நிபந்தனை சேர்க்க முடியாது. பல வருடமாக அதே பில்லில் வாங்கி வந்திருந்தால் மட்டும் கதை மாறலாம்.

திருமங்கலம் மசாலா
இவரிடம் இதுதான் முதல் தடவை மேடம். அப்படியென்றால் திருப்ப முடியாவிட்டால் எனக்கு நஷ்டம்தானா?

கணக்கப்பிள்ளை
சட்டம் எனக்குத் தெரியாது, கணக்கு தெரியும். இரண்டு வழியையும் போட்டுப் பார்த்தேன்.

60 மூட்டையைத் திருப்பினால், கையில் நிற்பது 40 மூட்டை, 1,600 கிலோ. 180 வீதம் 2,88,000. நீங்கள் கொடுத்தது 3,00,000. ஆக 12,000 திரும்ப வர வேண்டும். வராத 2,400 கிலோவை அன்றைய மார்க்கெட் 185-ல் வாங்க வேண்டியிருந்திருக்கும், கிலோவுக்கு 5 ரூபாய் கூட. அது இன்னொரு 12,000. மொத்தம் 24,000 உங்களுக்கு வரவு.

திருப்பாமல் நஷ்டஈடு கேட்டால், சரக்கு முழுதும் உங்களுடையது, பாக்கி 4,20,000 அப்படியே நிற்கும். பூஞ்சை வத்தல் கிலோ 60-க்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். நல்லதாக இருந்தால் 185 பெறும், ஆக நஷ்டம் கிலோவுக்கு 125. 2,400 கிலோவுக்கு 3,00,000. அதைப் பாக்கியில் கழித்தால் நீங்கள் கட்ட வேண்டியது 1,20,000. பூஞ்சை வத்தலை விற்றால் கைக்கு வருவது 1,44,000. மிச்சம் 24,000!

பூஞ்சை வத்தலுக்கு விலையே இல்லை என்றால் நஷ்டம் 4,44,000, பாக்கியைத் தாண்டி 24,000. எப்படிப் போட்டாலும் அதேதான் வருகிறது.

கே.கே.நகர் வக்கீல்
அருமை. கோர்ட்டில் நான் அரை மணி நேரம் பேசுவதைப் பத்து வரியில் முடித்துவிட்டீர்கள். 59-வது பிரிவு சொல்வது இதைத்தான். வாங்கியவர் குறையைக் காட்டி விலையைக் குறைக்கலாம், குறை பெரிதாக இருந்தால் விலையை முழுதாக அழித்தும் விடலாம். இதற்காகத் தனியாக வழக்குப் போட வேண்டிய அவசியம் கூட இல்லை, அவர் பாக்கி கேட்டு வரும்போது பதிலிலேயே எழுப்பலாம்.

காகிதத்தில் ஒன்றாக வந்தாலும் நடைமுறையில் ஒன்றில்லை. நிராகரிக்க முடிந்தால் "வேண்டாம்" என்று தெரிவிப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. 43-வது பிரிவின்படி லாரி பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டிய கடமை கூட உங்களுக்கு இல்லை, அவர்தான் வந்து எடுக்க வேண்டும். நஷ்டஈட்டு வழியிலோ அந்த 60 மூட்டை உங்கள் தலையில். இடத்தை அடைக்கும், நல்ல மூட்டைக்கும் பரவும், விற்கவோ அழிக்கவோ நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதோடு, கிலோ 60 தான் பெறும், அல்லது ஒன்றுமே பெறாது என்பதை நிரூபிக்கும் பாரமும் உங்களுடையது. எதிர் வக்கீல் "லேசான ஈரம், வெயிலில் காயப்போட்டால் 150-க்குப் போகும்" என்பார். அதற்கு உங்களிடம் என்ன பதில்?

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது ஆய்வகச் சோதனை. நீங்களே கையில் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். தரகரையும் இன்னொரு வியாபாரியையும் வைத்து, பல மூட்டையிலிருந்து எடுத்து, சீல் வைத்து, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மண்டிக்காரருக்கு முன்கூட்டியே தபாலில் தெரிவித்து வரச் சொல்லுங்கள். வராவிட்டால் அவர் பாடு.

திருமங்கலம் மசாலா
205-க்கு வாங்கினேனே, அந்த 20 ரூபாய் வித்தியாசம்? அப்புறம் பொடி கொடுக்க முடியாமல் ஒரு ஓட்டல்காரரின் ஆர்டர் போய்விட்டது.

கே.கே.நகர் வக்கீல்
கோர்ட் பார்ப்பது சரக்கு சரியாக வந்திருக்க வேண்டிய நாளின் மார்க்கெட் விலை, அது 185. குறை வெள்ளிக்கிழமை தெரிந்தது என்பதால் அந்த வார விலையைக் கேட்கலாம். மூன்று வாரம் காத்திருந்து ஏறிய விலையை அவர் தலையில் கட்ட முடியாது, நஷ்டத்தைக் குறைக்கக் கையில் இருந்த வழிகளையும் ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு கணக்கில் எடுக்கச் சொல்கிறது. உங்களுக்கு ஒரே பிடி, "பார்த்துச் செய்யலாம்" என்று அவர் சொன்ன வார்த்தை. அதை நம்பித்தான் காத்திருந்தேன் என்று சொல்லலாம். ஆனால் அது போன் பேச்சு, என்ன பேசினீர்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஓட்டல் ஆர்டர் கஷ்டம். பேரம் பேசும்போதே "இந்த ஆர்டருக்காக இந்தத் தேதிக்குள் வேண்டும்" என்று மண்டிக்காரருக்குத் தெரிந்திருந்தால் மட்டும் கேட்கலாம். 1854-ல் ஒரு மாவு மில் வழக்கில் இங்கிலாந்தில் போட்ட கோடு இன்னும் அப்படியே நிற்கிறது.

மேலூர் தங்கம்
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்குச் சரக்கே கைக்கு வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் பழைய நெல் அறுவடை இயந்திரம் ஒன்றை, என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் போட்டுப் பத்திரத்தில் எழுதி, 2 லட்சம் முன்பணம் கொடுத்தேன். அறுப்புக்கு முன்னால் பாக்கியைக் கொடுத்து எடுப்பதாகப் பேச்சு. இப்போது யாரோ கூடக் கொடுக்கிறார்களாம், "முன்பணத்தை வாங்கிக்கொள் தங்கச்சி" என்கிறார். எனக்குப் பணம் வேண்டாம், அந்த வண்டிதான் வேண்டும். ஏற்கனவே ஒரு சீசன் ஓட்டிப் பார்த்த வண்டி.

சட்டமாணவன்
அக்கா, உங்களுக்குச் சாதகம். 1.10.2018 முதல் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் மாறிவிட்டது. முன்பெல்லாம் பேசியபடி கொடு என்று உத்தரவிடுவது நீதிபதியின் விருப்பம். இப்போது கட்டாயம் உத்தரவிட வேண்டும். பேசியபடி கொடுத்தே ஆகணும்.

கே.கே.நகர் வக்கீல்
கொஞ்சம் பொறு தம்பி. அந்தத் திருத்தம் வந்தது உண்மை. பழைய 10-வது பிரிவில், கடையில் கிடைக்கிற சாதாரண அசையும் பொருளுக்குப் பணமே போதும் என்ற அனுமானம் இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 58-வது பிரிவு இன்னும் "நீதிமன்றம் தகுந்தது என்று கருதினால்" என்றுதான் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து எப்படிப் படிப்பது என்பதில் வக்கீல்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. என் கருத்து, நீதிபதி இன்னமும் "சந்தையில் வேறு வண்டி கிடைக்காதா?" என்று கேட்பார் என்பது.

தங்கம், உங்கள் பத்திரத்தில் நம்பர் போட்டிருப்பதுதான் உங்களைக் காப்பாற்றுகிறது. அந்தப் பிரிவு இன்னது என்று குறிப்பிட்ட பொருளுக்கு மட்டும்தான். "ஒரு அறுவடை இயந்திரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் கதவே திறக்காது. பாக்கிப் பணம் தயாராக இருக்கிறது என்பதற்கு இன்றைய வங்கிக் கணக்குப் பிரதி எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தயாராக இல்லை என்று எதிர்த்தரப்பு அடிக்கும். அதைவிட அவசரம், அவர் வேறு ஒருவருக்கு விற்காமல் இருக்க இடைக்காலத் தடை. விவரம் தெரியாத மூன்றாம் ஆள் நல்லெண்ணத்தோடு வாங்கிவிட்டால், அப்புறம் பணம் மட்டும்தான் கிடைக்கும்.

மேலூர் தங்கம்
வேறு வண்டி வாங்கிக்கொண்டு கூடுதல் செலவை அவரிடம் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

கே.கே.நகர் வக்கீல்
கேட்கலாம், அதுவும் 2018-ல் வந்ததுதான். குறைந்தது 30 நாள் கெடு வைத்து எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த வழியில் போய் வாங்கிவிட்டால், பழைய வண்டியையே கொடு என்று பிறகு கேட்க முடியாது. எந்த வழி என்று முதலில் முடிவு செய்யுங்கள். அறுப்பு எப்போது தொடங்குகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாடிப்பட்டி ராஜா
அப்படியென்றால் திருமங்கலம் அண்ணனும் "நல்ல 60 மூட்டை கொடு" என்று கோர்ட்டில் கேட்கலாமே?

கணக்கப்பிள்ளை
சம்பா வத்தல் எந்தக் கடையிலும் கிடைக்கும் ராஜா. எந்த 60 மூட்டை என்று யாரும் குறி போட்டு வைக்கவில்லை. கோர்ட் தீர்ப்புச் சொல்வதற்குள் அடுத்த வருட வத்தலே வந்துவிடும்.

கீழமாசி வீதி மண்டி
எனக்கு ஒன்று புரியவில்லை. மண்டிக்காரர் கோர்ட்டுக்குப் போனால் உடனே கேஸ் எடுப்பார்களா? நான் ஒருமுறை போனபோது சமரசத்துக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள்.

கே.கே.நகர் வக்கீல்
சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். 3 லட்சமும் அதற்கு மேலும் உள்ள சரக்கு விற்பனைத் தகராறு வணிக வழக்கு. அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வரை, முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். 2022-ல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. மண்டிக்காரர் கேட்பது 4,20,000, ஆக அவரும் அங்கே வர வேண்டியதுதான். திருமங்கலம் சார், ஆய்வக அறிக்கையோடு நீங்கள் உட்கார்ந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். அதற்கு முன்னால் அவர் நோட்டீஸுக்குப் பதில் எழுதிவிடுங்கள், மௌனமாக இருக்க வேண்டாம். முதல் கோரிக்கை 60 மூட்டை நிராகரிப்பு, அது இல்லையென்றால் 59-ன் கீழ் விலைக் குறைப்பு, இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

சாம்பிள் பொட்டலம் எங்கே?

திருமங்கலம் மசாலா
என்னிடம் வந்ததைப் பிரித்து அரைத்துப் பார்த்துவிட்டேன் மேடம். தரகரிடம் அதே சாக்கிலிருந்து எடுத்த இன்னொரு பொட்டலம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கீழமாசி வீதி மண்டி
இருக்கும். தரகர்கள் பேரம் முடியும்வரை ஒன்றைக் கையில் வைத்திருப்பார்கள். ஆனால் தம்பி, அவர் அந்த மண்டிக்கும் நாளைக்கு வியாபாரம் பார்க்க வேண்டியவர். இன்று ராத்திரியே போய் வாங்கி, அதன்மேல் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.